200-ஆ, 240-ஆ: இந்தச் சண்டையின் பெறுமதி 12 டொலர்

போன எபிசோட்டில் கிடங்கு மென்பொருள் பற்றிக் கதைத்தபோது ஒரு விசயத்தை அரைகுறையாக விட்டுவிட்டோம். "ஒரு தடவையில் எத்தனை ஓடர் பண்ணுவது?" என்ற கேள்வி அது. அதற்கு ஒரு சூத்திரம் இருக்கு, அது ஒரு சரியான இலக்கத்தைத் தரும், மென்பொருளும் அதைத்தான் திரையில் காட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டோம்.

மிச்சத்தை இங்கே சொல்கிறேன். அந்தச் சரியான இலக்கத்தைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கொஞ்சம் கூடப் போனாலும் கொஞ்சம் குறையப் போனாலும் நட்டம் மிகச் சின்னது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. அந்தச் சூத்திரமே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதை வைத்து வேலை செய்கிற பல பேர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, இரண்டாம் பாதியைத் தொடுவதே இல்லை.

சூத்திரம் எங்கிருந்து வந்தது

1913 பெப்ரவரியில் அமெரிக்காவில் "ஃபக்டரி" என்ற முகாமைத்துவச் சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் ஃபோர்ட் விற்மன் ஹரிஸ். வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியில் வேலை செய்த பொறியியலாளர், பல்கலைக்கழகம் போகாதவர், பிறகு தானாகவே சட்டம் படித்துக் காப்புரிமை வழக்கறிஞர் ஆனவர். ஒரு பாகத்தை ஒரு தடவையில் எத்தனை செய்யவேண்டும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பிறகு வந்த பாடப்புத்தகங்கள் இதே சூத்திரத்தை 1934-இல் எழுதிய வில்சன் என்பவரின் பெயரில் சொல்லின. ஹரிஸின் மூலக் கட்டுரை எங்கே வந்தது என்பதே மறந்துபோயிருந்தது. டொனால்ட் எர்லன்கொற்றர் என்ற பேராசிரியர்தான் 1980-களின் கடைசியில் அதைத் தேடிப்பிடித்தார்.

கேள்வி எளிமையானது. ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு நிலையான செலவு இருக்கு. டெலிவரிக் காசு, இறக்கி எண்ணிப் பார்க்கிற ஆளின் நேரம், பில் கட்டுகிற வேலை எல்லாம் அதில் அடங்கும். 10 பை வந்தாலும் 500 பை வந்தாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பெரிதாக ஓடர் பண்ணினால் வருசத்துக்கு ஓடர்கள் குறையும், அந்தச் செலவும் குறையும். மறுபக்கம், பெரிதாக ஓடர் பண்ணினால் சாமான் நிறைய நாள் கிடக்கும். அதில் மாட்டிய காசுக்கு வட்டி, இடத்துக்கு வாடகை, பழுதாகிறது, எலி கடிக்கிறது என்று கையிருப்புச் செலவு ஏறும்.

ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு கிண்ணம் மாதிரி வளைவு வரும். கிண்ணத்தின் அடிதான் "சிக்கன ஓடர் அளவு". D வருசத் தேவை, S ஒரு ஓடரின் செலவு, H ஒரு பையை ஒரு வருசம் வைத்திருக்கிற செலவு என்றால்:

```
Q* = sqrt(2*D*S / H)
```

எல்லாரும் அந்த அடிப்புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கிண்ணத்தின் வடிவத்தை. அது கூர்மையான புனல் இல்லை, தட்டையான சோற்றுக் கோப்பை.

ஒரு அரிசிக் கணக்கு

அஜக்ஸ் பக்கம் ஒரு தமிழ்க் கடையை எடுப்போம். கணக்கு இலேசாக விளங்குவதற்காக இலக்கங்களை நானே நேராக்கியிருக்கிறேன். 20 இறாத்தல் சம்பா அரிசிப் பை வருசத்துக்கு 1600 விற்கிறது. கடைக்காரருக்கு ஒரு பை 20 டொலர். ஒவ்வொரு ஓடருக்கும் 45 டொலர் செலவு. கையிருப்புச் செலவு வருசத்துக்குப் பெறுமதியில் 18 சதவீதம், அதாவது ஒரு பைக்கு 3.60 டொலர்.

சூத்திரத்தில் போட்டால் விடை 200 பை. வருசத்துக்கு 8 ஓடர், 8 தரம் 45 என்றால் 360 டொலர். கடையில் சராசரியாகக் கிடப்பது பாதி, அதாவது 100 பை. அதற்கு 3.60 வீதம் இன்னொரு 360. மொத்தம் 720 டொலர். இரண்டு செலவும் சரிசமமாக வந்தது தற்செயல் இல்லை. அடிப்புள்ளியில் எப்போதும் அப்படித்தான் வரும். இதைப் பிறகு ஒரு சோதனையாகப் பாவிக்கப்போகிறோம், ஞாபகத்தில் வையுங்கோ.

இப்போது நடைமுறைக்கு வருவோம். சப்ளையர் முழுப் பலட்டாகத்தான் இறக்குவார், ஒரு பலட்டில் 120 பை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கார மாமா இந்த மாதிரியான ஒரு சிக்கலில்தான் என்னிடம் கேட்டார்: "தம்பி, உந்தக் கொம்பியூட்டர் 200 எண்டு சொல்லுது. அவன் அரைப் பலட்டை உடைச்சுத் தரமாட்டான். இப்ப நான் அவனோட சண்டை பிடிக்கிறதோ, கொம்பியூட்டரோட சண்டை பிடிக்கிறதோ?"

இரண்டு பலட் எடுத்தால் 240 பை. சரியான அளவைவிட 20 சதவீதம் கூட. கேட்கப் பெரிய பிழை மாதிரி இருக்கு. கணக்கைப் பாருங்கோ: ஓடர் செலவு 300 ஆகக் குறையும், கையிருப்புச் செலவு 432 ஆக ஏறும். மொத்தம் 732. அதாவது வருசம் முழுவதற்கும் 12 டொலர் கூடுதல். அந்த அரிசிக்கு அவர் வருசத்துக்குக் கொடுக்கிற காசு 32,000 டொலர். 12 டொலருக்கு சப்ளையரோடு ஒரு போன் கோலே தேவையில்லை.

மற்ற அளவுகளையும் பார்க்க விரும்பினால் இரண்டு வரிக் கோட் போதும். `r` என்பது நீங்கள் எடுத்த அளவைச் சரியான அளவால் பிரித்தது:

```python
def extra(r):
    return (r + 1/r) / 2 - 1

for r in (0.5, 0.8, 1, 1.2, 1.5, 2, 3):
    print(r, round(extra(r) * 100, 1))
```

ஓடவிட்டால் வருவது: பாதியாக எடுத்தால் 25 சதவீதம் கூடுதல், 0.8 என்றால் 2.5, 1.2 என்றால் 1.7, ஒன்றரை மடங்கு என்றால் 8.3, இரட்டிப்பு என்றால் மறுபடி 25, மூன்று மடங்கு என்றால் 66.7. இதில் D, S, H எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கோ. அரிசிக்கும் இதே வளைவுதான், கார் உதிரிப்பாகத்துக்கும் இதே வளைவுதான்.

ஏன் இவ்வளவு தட்டை

அந்தக் கோட்டில் உள்ள வரியைக் கொஞ்சம் பிரட்டி எழுதினால் காரணம் தெரியும்:

```
extra = (r - 1)^2 / (2*r)
```

உங்கள் பிழை வர்க்கமாகத்தான் செலவுக்குள் போகிறது. 20 சதவீதப் பிழை 0.2. அதன் வர்க்கம் 0.04, நூறில் நாலு. பிறகு அதை `2*r` ஆல், அதாவது 2.4 ஆல் பிரிக்கிறோம். மிஞ்சுவது ஒன்றே முக்கால் சதவீதம் கூட இல்லை. சின்ன எண்ணை வர்க்கமாக்கினால் அது இன்னும் சின்னதாகும், அவ்வளவுதான் சங்கதி. அதே காரணத்தால் பெரிய பிழை வேகமாக வளரும். தட்டை அடியில் மட்டும்தான், விளிம்பு செங்குத்து.

இதற்குள் இன்னொரு பாடம் இருக்கு, அது கடைக்காரருக்கு நேரே உதவும். 40 பை கூட எடுத்தால் நட்டம் 12 டொலர். 40 பை குறைய, அதாவது 160 எடுத்தால் நட்டம் 18 டொலர். 100 பை கூட என்றால் 60 டொலர், 100 பை குறைய என்றால் 180 டொலர். ஒரே தூரம்தான், ஆனால் இடப்பக்கச் சரிவு செங்குத்தானது. காரணம், ஓடர் செலவு சின்ன அளவுகளில் பாய்ந்து ஏறும், கையிருப்புச் செலவோ நேர்கோடாக மெதுவாகத்தான் ஏறும். ஆகவே இரண்டு வசதியான அளவுகளுக்கு நடுவில் நின்று யோசிக்கிறீர்கள் என்றால், மேலே இருக்கிறதை எடுங்கோ. ஒரு பலட்டா இரண்டு பலட்டா என்ற கேள்விக்கு விடை இதிலேயே வந்துவிட்டது.

உள்ளே போகிற இலக்கமே ஊகம்தான்

இனி என் தொழில் பக்கம். நான் ஒப்பந்த வேலையில் பல கம்பனிகளின் ஈஆர்பி சிஸ்டங்களுக்குள் போய் வருகிறவன். அங்கே ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப நடக்கும்: "ஒரு ஓடரின் செலவு 45 டொலரா 60 டொலரா?" கணக்குப் பகுதி ஒன்று சொல்லும், கொள்வனவுப் பகுதி இன்னொன்று சொல்லும். ஒரு இடத்தில் இது இரண்டு கிழமை இழுபட்டது. உண்மையில் அந்த இலக்கத்தை யாராலும் திருத்தமாகச் சொல்லேலாது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஓடர் போடுகிற அரை மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

நல்ல செய்தி, தேவையும் இல்லை. எங்கள் கடையில் உண்மையான ஓடர் செலவு 45 இல்லை, 90 என்று வையுங்கோ. நாங்கள் பாதிக்குப் பாதி பிழையாகக் கணித்திருக்கிறோம். சரியான அளவு அப்போது 283 பை, அதன் செலவு 1018 டொலர். நாங்கள் தெரியாமல் 200 எடுத்துக்கொண்டிருந்தால் செலவு 1080. வித்தியாசம் 6 சதவீதம். சூத்திரத்தில் வர்க்கமூலம் இருப்பதால் இரண்டு மடங்குப் பிழை 1.41 மடங்காகச் சுருங்குகிறது. பிறகு தட்டையான வளைவு அதை இன்னொரு தரம் சுருக்குகிறது. இரண்டு வடிகட்டி. 45-ஆ 60-ஆ என்ற சண்டையில் மிஞ்சுவது சுமார் ஒரு சதவீதம்தான்.

வட்டியையும் பார்ப்போம், ஏனென்றால் அது இங்கே எல்லாருக்கும் சுட்டது. கனடா வங்கி தன் வட்டி வீதத்தை 2022 மார்ச் ஆரம்பத்தில் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு ஏற்றியது. 4.75 புள்ளி. லைன் ஒஃப் கிரெடிட்டில் சாமான் வாங்குகிற கடைக்காரருக்குக் கையிருப்புச் செலவு அப்படியே ஏறும். எங்கள் 18 சதவீதம் 22.75 ஆகிறது. புதிய சரியான அளவு 178 பை. கடைக்காரர் ஒன்றும் தெரியாமல் பழையபடி 200 எடுத்தால் செலவு 815 டொலர். கணக்குப் பார்த்து 178-க்கு மாறினால் 809.

இதை நிதானமாகப் பாருங்கோ. வட்டி ஏறினதால் அவருக்கு 95 டொலர் கூடுதல் செலவு. அது உண்மையான அடி. ஆனால் ஓடர் அளவைத் திருத்தி அதில் திரும்பப் பிடிக்கக்கூடியது 6 டொலர் கூட இல்லை. அளவைத் திருத்துவது வட்டிக்கு மருந்து இல்லை. ஆகவே "வட்டி மாறிவிட்டது, எல்லா அளவுகளையும் திரும்பக் கணியுங்கள்" என்று ஒருவர் பெரிய புரொஜெக்ட் கொண்டுவந்தால், முதலில் இந்த இரண்டு இலக்கத்தையும் பிரித்துக் கேளுங்கோ.

திருத்தத்துக்கும் விலை உண்டு

"சின்ன லாபம் என்றாலும் லாபம்தானே, கொம்பியூட்டர் சும்மா கணிக்கிறதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். நான் கண்ட இடங்களில் அது சும்மா இல்லை.

ஒரு இடத்தில் சிஸ்டம் ஒவ்வொரு இரவும் தேவைக் கணிப்பைப் புதுப்பித்து, அளவுகளையும் திரும்பக் கணித்தது. நேற்று 197, இன்று 203, நாளை 191. ஏற்கனவே அனுப்பிய ஓடர்களைத் திருத்தச் சொல்லி ஒவ்வொரு காலையும் நூற்றுக்கணக்கில் செய்திகள் வரும். இந்தத் துறையில் இதற்கு "சிஸ்டம் பதற்றம்" என்கிற மாதிரி ஒரு பெயரே இருக்கு. சப்ளையருக்கு எரிச்சல். கொள்வனவு மேசையில் இருந்த அக்கா ஒருவர் கடைசியில் எல்லாச் செய்திகளையும் ஒரேயடியாகத் தெரிவு செய்து அழித்துவிடுவார். அவரைக் குறை சொல்லேலாது. ஆனால் அந்தக் குவியலுக்குள் உண்மையாகவே அவசரமான ஒன்றும் இருக்கும். அதுவும் சேர்ந்து போகும். ஒரு சதவீதத்துக்கும் குறைந்த லாபத்தைத் துரத்தி, மனிசர் சிஸ்டத்தின் மேல் வைத்த நம்பிக்கையை விற்றுவிடுகிறார்கள்.

பெரிய கம்பனிக்காரர் சொல்லும் எதிர்வாதம் நியாயமானது, அதையும் பார்க்கவேண்டும். 401 ஓரமாக இருக்கிற ஒரு பெரிய கிடங்கில் இப்படிப் பத்தாயிரம் சாமான் இருந்தால், ஒவ்வொன்றிலும் 12 டொலர் என்றாலும் 120,000 டொலர். அது சின்னக் காசு இல்லை. ஆனால் அந்தக் காசைப் பிடிக்கவேண்டும் என்றால் சரியான அளவு உண்மையில் 200 என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். S-இல் இரண்டு மடங்குப் பிழை இருக்கக்கூடிய இடத்தில், உண்மை 141-ஆகவும் இருக்கலாம், 283-ஆகவும் இருக்கலாம். மங்கலான இலக்கை நோக்கித் துல்லியமாகச் சுடுவதில் பயன் இல்லை.

அந்த நேரத்தை வேறு இரண்டு இடத்தில் போட்டால் காசு உண்மையாகவே வரும். முதலாவது, S-ஐயே குறைப்பது. பருப்பும் மாவும் அதே சப்ளையரிடம் என்றால் ஒரே லொறியில் எடுத்து, பில்லையும் ஒன்றாக்கி, அரிசியின் பங்கை 45-இலிருந்து 22.50 ஆகக் குறைத்தால், சரியான அளவு 141 ஆகி மொத்தச் செலவு 720-இலிருந்து 509 ஆகும். 12 டொலருக்குப் பக்கத்தில் 211 டொலர். இரண்டாவது, வாங்கும் விலை. "400 பை எடுத்தால் 2 சதவீதம் கழிவு" என்று சப்ளையர் சொன்னால், 400 என்பது சரியான அளவின் இரட்டிப்பு, 25 சதவீதத் தண்டம் என்று பயந்து ஓடவேண்டாம். அந்தத் தண்டம் 720-இன் மேல், கழிவோ 32,000-இன் மேல். எல்லாம் கூட்டிக் கழித்தால் வருசத்துக்குச் சுமார் 474 டொலர் மிச்சம். அவ்வளவு அரிசியை வண்டு பிடிக்காமல் வைக்க இடம் இருந்தால் எடுக்கலாம்.

தட்டை எங்கே முடிகிறது

இதைப் படித்துவிட்டு "அப்ப எதுவும் பரவாயில்லை" என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் பிழை. மூன்று எல்லை இருக்கு.

முதலாவது, இந்தத் தட்டை "எத்தனை" என்ற கேள்விக்கு மட்டும். "எப்போது" என்ற கேள்விக்கு இல்லை. எங்கள் கடையில் கிழமைக்கு 31 பை போகிறது. சப்ளையருக்கு இரண்டு கிழமை தேவை என்றால், கடையில் 62 பைக்கு மேல் இருக்கும்போதே ஓடர் போகவேண்டும், மேலே கொஞ்சம் காப்பும் வேண்டும். 240-க்குப் பதிலாக 200 எடுத்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை ஓடர் ஐந்து நாள் பிந்தினால் தட்டு வெறுமையாகும். சனம் பக்கத்துக் கடைக்குப் போய், அரிசியோடு மரக்கறியும் மீனும் அங்கேயே வாங்கிக்கொண்டு வரும். அந்த நட்டம் இந்த வளைவுக்குள் இல்லவே இல்லை. இளநிலை ஆய்வாளர்கள் அளவைத் திருத்துவதில் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இந்த மறு ஓடர் மட்டத்தில் செலவழித்தால் நல்லது.

இரண்டாவது, கெட்டுப்போகிற சாமான். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் கையிருப்புச் செலவு நேர்கோடு இல்லை. ஒரு சில நாளுக்குப் பிறகு பெறுமதி ஒரேயடியாக விழும். அங்கே "மேலே இருக்கிறதை எடு" என்ற என் அறிவுரை தலைகீழாகும். இடமும் அப்படித்தான். பின்னறை நிரம்பும்வரை இன்னொரு பைக்குச் செலவு கொஞ்சம். நிரம்பின பிறகு இன்னொரு பலட் என்றால் வெளியில் வாடகைக்கு இடம். வளைவில் ஒரு படி விழும். அந்தப் படியைச் சூத்திரம் காணாது.

மூன்றாவது, உலகம் சீராக ஓடுகிறது என்ற எடுகோள். 2023 ஜூலை 20-ஆம் திகதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. வட அமெரிக்காவில் தெற்காசியக் கடைகளுக்குச் சனம் ஓடி, மூட்டை மூட்டையாக வாங்கினதை உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஓகஸ்டில் புழுங்கல் அரிசிக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டெம்பரில்தான் நீங்கியது. அப்படியான மாதங்களில் தேவையும் நிலையாக இல்லை, விலையும் நிலையாக இல்லை, ஓடர் பண்ணினாலும் வருமா என்பதும் தெரியாது. அங்கே 200-ஆ 240-ஆ என்று கேட்பதற்கே அர்த்தம் இல்லை. சூத்திரம் பிழை இல்லை, அது கேட்கிற கேள்வி அன்றைக்கு இல்லை.

அப்ப என்ன செய்யிறது

நான் வேலை செய்கிற இடங்களில் சொல்வதை அப்படியே சொல்கிறேன்.

முதல் வேலை, நீங்கள் தட்டைக்குள் நிற்கிறீர்களா என்று பார்ப்பது. சரியான அளவைக் கணிக்கவே தேவையில்லை. ஒரு சாமானுக்குப் போன வருசம் ஓடர் செலவு எவ்வளவு, கையிருப்புச் செலவு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கோ. அடிப்புள்ளியில் இரண்டும் சமம் என்று மேலே பார்த்தோம். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்குள் என்றால் உங்கள் நட்டம் ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு மேல் போகாது. விட்டுவிடுங்கோ. நாலு மடங்கு என்றால் நீங்கள் சரியான அளவின் பாதியிலோ இரட்டிப்பிலோ நிற்கிறீர்கள், 25 சதவீதம் போகிறது. அதைத் திருத்துங்கோ. ஆயிரம் சாமான் உள்ள பட்டியலில் இந்த ஒரு விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால், கைவைக்க வேண்டியவை மேலே வந்துவிடும். மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை.

இரண்டாவது, வசதியான தாளத்துக்கு வட்டமாக்குங்கோ. ஓடர் இடைவெளிகளை 1, 2, 4, 8 கிழமை என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கிழமைக்கும் எட்டுக் கிழமைக்கும் இடையில் வருகிற எந்தச் சரியான இடைவெளியும் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 1.41 மடங்குக்குள் விழும், ஆகவே நட்டம் ஏறக்குறைய 6 சதவீதத்தைத் தாண்டாது. எங்கள் அரிசிக்குச் சரியான இடைவெளி ஆறரைக் கிழமை. 8-க்குத் தள்ளினால் செலவு 2 சதவீதம் சொச்சம்தான் கூடுகிறது, சுமார் 16 டொலர். எட்டுக் கிழமை அரிசி ஏறக்குறைய 246 பை, அதாவது கிட்டத்தட்ட இரண்டு பலட். மாவை 4 கிழமைக்கு ஒருக்கா எடுத்தால் ஒவ்வொரு இரண்டாவது லொறியிலும் அரிசியும் சேர்ந்து வரும். S குறைவது இப்படித்தான். இந்த இரண்டு மடங்குத் தாளம் ஒரு கடைக்கு மட்டும் இல்லை. ஒரு கிடங்கிலிருந்து பல கடைகளுக்குப் போகிற அமைப்பிலும், அடித்தாளத்தைக் கவனமாகத் தெரிந்தால், மிகச் சிறந்த விடைக்கு 2 சதவீதத்துக்குள் வரலாம் என்று றொபின் றவுண்டி 1985-இல் நிரூபித்தார்.

மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கும் இது அந்நியம் இல்லை. எத்தனை மாற்றங்களைச் சேர்த்து ஒரு ரிலீஸ் விடுவது என்பதும் இதே கிண்ணம்தான். ஒவ்வொரு ரிலீசுக்கும் சோதனைச் செலவு, காத்துக்கிடக்கிற கோட்டுக்குக் கையிருப்புச் செலவு. டொன் றைனர்ட்சன் 2009-இல் எழுதிய நூலில் இந்த ஒப்புமையைத்தான் விரிக்கிறார். இரண்டு கிழமையா மூன்று கிழமையா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைப்பதைவிட, சோதனையை ஓட்டோமேற் பண்ணி S-ஐப் பாதியாக்குவது பெரிய காரியம்.

சிஸ்டம் 200 என்று காட்டும்போது அதை ஒரு கட்டளையாக எடுக்கவேண்டாம். 160 தொடக்கம் 240 வரை எது உங்கள் லொறிக்கும் பலட்டுக்கும் பின்னறைக்கும் பொருந்துகிறதோ அதை எடுங்கோ, இரண்டு மனம் என்றால் கூடினதை எடுங்கோ. திரையில் ஒற்றை இலக்கத்துக்குப் பதிலாக "160 முதல் 240 வரை" என்று காட்டுகிற மென்பொருளை யாராவது எழுதினால் முதல் வாடிக்கையாளரை நானே கூட்டிக்கொண்டு வருவேன். அந்த மாமா இப்ப இரண்டு பலட்தான் இறக்குகிறார்.